லேப்டாப்பை அனுப்பியும் செட்டில்மென்ட் வரல, யாருக்காவது இப்படி ஆச்சா?

சாரல்: ரிலீவ் ஆகி 52 நாள் ஆச்சு. வீட்ல இருந்தே வேலை பாத்ததால லேப்டாப், சார்ஜர், ஐடி கார்டு எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு கம்பெனி அனுப்பின கூரியர்ல குடுத்தேன், ரசீதுல 'ஒரு பார்சல்'னு மட்டும்தான் இருக்கு. இப்ப சார்ஜர் வரலைன்னு சொல்லி கடைசி மாச சம்பளம், லீவு காசு மொத்தத்தையும் நிறுத்திட்டாங்க. ஒயரைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு ஓரமா வெச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஆனா போட்டோ எடுக்கல.

தென்றல்77: சம்பளத்துல ஒரு ரூபா கூட பிடிக்க முடியாதுங்க. ரெண்டு வேலை நாள்ல குடுத்தாகணும்னு சட்டமே இருக்கு. என் ஃப்ரெண்டு காசு வர்ற வரைக்கும் லேப்டாப்பையே குடுக்கல.

பேரோல்_மேசை: 11 வருஷமா செட்டில்மென்ட் போடுறேன். ரெண்டு நாள் கணக்கு சரிதான், 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புது ஊதியச் சட்டத்துல ரிசைன் பண்ணவங்களுக்கும் அதேதான். ஆனா பிடிக்கவே முடியாதுன்னு இல்ல, உங்க பொறுப்புல குடுத்த பொருள் உங்க கவனக்குறைவால தொலைஞ்சா அந்த நஷ்டத்தைப் பிடிக்கலாம், அதுக்கு முன்னாடி உங்ககிட்ட விளக்கம் கேட்டிருக்கணும். ஒரு சார்ஜருக்கு மொத்த சம்பளத்தையும் நிறுத்துறது அதுல வராது. லேப்டாப்பை வெச்சிக்கிற வேலை மட்டும் வேண்டாம், கம்பெனிச் சட்டம் 452-ஆவது பிரிவுல உங்க மேலயே கேஸ் போடலாம். பிஎஃப் பணத்துல இதுக்காக அவங்க கை வைக்கவும் முடியாது.

குமுதவல்லி: எனக்கு நோட்டீஸ் 90 நாள், 30 நாள்ல கிளம்பிட்டேன், மீதிக்கு சம்பளத்தைப் பிடிச்சிட்டாங்க. அதுவும் இதே மாதிரிதானே?

பேரோல்_மேசை: இல்லம்மா, அது நீங்க கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டர்ல இருக்கிற ஷரத்து, தனியா பாக்கணும். சாரல், கூரியர் டிராக்கிங்ல பார்சல் எடை இருக்கும் பாருங்க. எங்க ஆபீஸ்ல இதே தகராறு வந்தப்ப எடையை வெச்சுதான் முடிச்சோம்.

சாரல்: பாத்தேங்க! பிக்கப்ல 2.9 கிலோ, டெலிவரில 2.4. வழியிலயே டப்பாவைப் பிரிச்சிருக்காங்க போல. நான் ஒழுங்காத்தான் குடுத்திருக்கேன்னு நினைக்கும்போதே அழுகை வருது.

பேரோல்_மேசை: ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் மெயில்ல போடுங்க, கூரியர் ஏற்பாடு அவங்களோடதுன்னு எழுதுங்க. சார்ஜர் தகராறை அப்புறம் பேசிக்கலாம், மீதியை விடுங்கன்னு தேதி போட்டுக் கேளுங்க. அசையலன்னா லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம்.

தென்றல்77: அப்போ என் ஃப்ரெண்டு இன்னும் லேப்டாப்பை வெச்சிருக்கானே, அவன் என்ன பண்றது?

சாரல்: மெயில் போட்டாச்சு. ஹெச்ஆர் 'ஐடி டீம்கிட்ட கேட்டு சொல்றோம்'னு ஒரு வரி அனுப்பிருக்காங்க, பணம் பத்தி பேச்சே இல்ல.