பேக்கரிக்குப் பெயர்: நான்கு அடிப் பலகைக்குள் 'புதிது' என்று எப்படிச் சொல்வது?

மீனா எழுதியது:
ஆதம்பாக்கத்தில் ஒரு சின்னத் தெருவில் என் தங்கை பேக்கரி தொடங்குகிறாள். பலகை 4 அடி அகலம், 15 அங்குல உயரம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பெயர் வேண்டும் என்கிறார் எழுத்து வெட்டுபவர். தமிழ்ப் பெயர்தான் வைக்க வேண்டும், அதில் அன்றைக்குச் சுட்டது என்ற உணர்வும் வரவேண்டும். 'பசுமை' என்று யோசித்தால் கீரைக்கடை போல இருக்கிறது.

ரஜீவன் எழுதியது:
வெதுப்பகம் என்றே வையுங்கள் அக்கா. யாழ்ப்பாணத்தில் பேச்சில் பாண் என்போம், ஆனால் கடைப் பலகையில் வெதுப்பகம் என்று எழுதினால் யாரும் திகைக்க மாட்டார்கள். வெதுவெதுப்பு என்னும்போதே சூடு கைக்கு வந்துவிடுகிறது.

சண்முகம் எழுதியது:
வெதுப்புதல் என்றால் இலேசாகச் சூடாக்குதல். ரொட்டி வேகும் சூடு அதுவா? அடுதல்தான் சமைத்தல். அடுப்பும் அடுக்களையும் அதில் பிறந்தவை. அடுமனை என்பதைச் சென்னையில் பல பலகைகளில் பார்க்கிறோம். அடுதலுக்குக் கொல்லுதல் என்றும் பொருள் உண்டு, 'அடுகளம்' போர்க்களம் என்று யாராவது கிளம்பும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொருள் இன்று வழக்கில் இல்லை.

கலா எழுதியது:
என் அனுபவத்தையும் கேளுங்கள். வீட்டில் கேக் செய்து விற்கத் தொடங்கியபோது 'நறுமணம்' என்று பெயர் வைத்தேன். ஊதுபத்தி இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்களே அதிகம். சுடச்சுட என்று வைத்தால் என்ன?

மீனா:
தங்கை வேண்டாம் என்கிறாள். பன்னைச் சூடாகக் கொடுக்கலாம், ஆனால் பிரெட்டை நன்றாக ஆறவிட்ட பிறகுதான் வெட்ட முடியும். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று நசுங்கும். சூட்டோடு கவரில் போட்டாலோ ஆவி வேர்த்துப் பூஞ்சை வரும். அப்புறம் சாயங்காலம் வருபவர் பலகையைக் காட்டிச் சூடு எங்கே என்பார். அதனால் சூட்டை விட்டுவிட்டுக் காலையைச் சொல்வோம். 'விடியல்' என்றால் எல்லோருக்கும் தேர்தல் ஞாபகம் வருகிறது. 'புலரி' எப்படி?

முருகன் எழுதியது:
என் அப்பா பலகை எழுதியவர், நான் இப்போது எழுத்து வெட்டுகிறேன். சொல்லில் எத்தனை எழுத்து என்பதைவிட எத்தனை துண்டு என்று பாருங்கள். வெதுப்பகம் ஆறு எழுத்துதான். ஆனால் வெட்டும்போது ஒற்றைக்கொம்பு தனி, இரண்டு புள்ளிகளும் தனி, ஆக ஒன்பது துண்டு. முதலில் உதிர்வது புள்ளிதான். புள்ளி போனால் 'ப்' 'ப' ஆகிவிடும். புலரி மூன்றே துண்டு. அகலம் தாராளம், உயரம்தான் இடிக்கும். உடல் 6 அங்குலம் வைத்தால் 'பு'வின் கால் கீழேயும் 'ரி'யின் கொக்கி மேலேயும் போய் 9 அங்குலம் ஆகும். அடியில் 3 அங்குலத்தில் 'அடுமனை' என்று போடலாம். அங்குலத்துக்குப் பத்தடி தூரம் என்பது எங்கள் கணக்கு. உங்கள் தெருவில் எதிர்ச்சாரியிலிருந்து அதையும் படிக்கலாம்.

சண்முகம்:
புலர்தல் என்றால் விடிதல், உண்மைதான். மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சி முதல் பாட்டிலேயே 'புலர்ந்தது' வருகிறது. ஆனால் 'நா புலர்ந்தது' என்றால் என்ன? உலர்ந்தது, வாடியது! ரொட்டிக் கடைக்கா அந்த வேர்?

கலா:
ஐயா சொல்வது சரி. பிரெட் பழசாவதே உலர்வதால்தானே? நான் அதனால்தான் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன்.

மீனா:
கலா அக்கா, ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் விறைக்கும் என்கிறாள் தங்கை. காற்றுப் புகாமல் கட்டி வைத்தாலும் பிரெட் விறைக்கிறது. வெந்தபோது இளகிய மாவுச்சத்து மறுபடி இறுகுவதுதான் காரணம், குளிரில் அது வேகமாக நடக்கிறது. கொஞ்சம் சூடு காட்டினால் சற்று நேரம் மிருதுவாவதும் அதனால்தான். காய்வதும் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை.

ரஜீவன்:
புலரி என்றால் மலையாளப் பெயர் போல இருக்கிறதே. சேட்டன் கடை என்று நினைப்பார்கள்.

முருகன்:
சென்னையில் டீக்கடையும் பேக்கரியும் சேட்டன்கள் நிறையப் பேர் நடத்துகிறார்கள், தம்பி. அப்படி நினைத்தால் பன் வாங்க வராமலா போவார்கள்?

மீனா:
சரி. புலரி, கீழே அடுமனை என்று சொல்லிவிட்டேன். ஐந்து பேரில் மூன்று பேர் சம்மதம். நாளை காலை வெட்டத் தொடங்குகிறார்.

சண்முகம்:
'அன்றன்று' என்ற சொல்லை யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லை. சாயங்காலமும் பொய்க்காத சொல் அது. முருகன், அது எத்தனை துண்டு வரும்?

முருகன்:
இரண்டு புள்ளியோடு ஏழு, ஐயா. அகலத்தில் அடங்கும். ஆனால் னகரமும் றகரமும் மாறி மாறி வருவதால் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால் வெறும் சுழியாகத்தான் தெரியும்.

சண்முகம்:
பக்கத்தில் வந்து படிக்கட்டும். என் வாக்கு அதற்கே.