பொருள்: சப்டைட்டில் ‘எக்ஸ்போர்ட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

பாளையங்கோட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நெல்லையப்பர் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தை எங்கள் தெரு ஆச்சிமார் பாட, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பெரியவர் சிறு விளக்கம் சொல்ல, 22 நிமிடக் காணொளியாகப் பதிந்திருக்கிறோம். ஆச்சிமாரின் பேரப்பிள்ளைகள் டல்லாஸிலும் மெல்போர்னிலும் வளர்கிறவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். ஆகவே காணொளி ஒன்று, அதற்கு வரிக்கோப்புகள் மூன்று என்று முடிவு செய்தோம்: தமிழ் எழுத்தில் பாடல், கூடவே பாடுவதற்கு அதே பாடல் ரோமன் எழுத்தில், பிறகு ஆங்கிலப் பொருள்.

தன்னார்வலர்களுக்காக ஒரு பக்கச் செய்முறை எழுதும்போதுதான் சிக்கல் வந்தது. ‘எக்ஸ்போர்ட்’ என்ற இடத்தில் ‘ஏற்றுமதி செய்யவும்’ என்று எழுதியிருந்தேன். படித்த தம்பி ஒருவர், “தூத்துக்குடியில் எந்தக் கப்பலில், அக்கா?” என்று கேட்டுவிட்டார். நல்ல சொல் ஒன்று சொல்லுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

எங்கள் துறைமுகத்தை இதில் இழுக்க வேண்டாம். ‘சேமி’ என்றே எழுதலாமே; இரண்டிலும் முடிவில் ஒரு கோப்புதான் கிடைக்கிறது. இன்னொன்று, எழுத்தைப் படத்திலேயே பதித்துவிட்டால் இந்த வேலையே மிச்சம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் காணொளிக்குத் தனி வரிக்கோப்பை யார் சேர்த்துப் பார்க்கப் போகிறார்கள்?

தென்காசியிலிருந்து:

அண்ணாச்சி வாட்ஸ்அப்பைப் பற்றிச் சொன்னது சரி. அந்த வழியில் போகும் படிக்கு ஆங்கிலத்தைப் பதித்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் பதித்த எழுத்தைப் பிறகு அணைக்க முடியாது, ஒரு பிழையைத் திருத்தவும் முடியாது. மூன்று வகை வேண்டுமென்றால் 22 நிமிடப் படத்தை மூன்று முறை உருவாக்க வேண்டியிருக்கும். யூடியூபில் ஏற்றுவதற்குத் தனிக் கோப்புகளே போதும்; பார்ப்பவர் வேண்டிய வரியைத் தேர்ந்துகொள்வார்.

‘சேமி’ என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. சேமித்தால் கிடைப்பது நாம் வேலை செய்யும் மூலக்கோப்பு. வண்ணம், எழுத்துரு, இடம், நமது குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். எக்ஸ்போர்ட் செய்தால் மூலம் அப்படியே இருக்க, வேறு வடிவில் ஒரு கோப்பு வெளியே வருகிறது. `.srt` ஆக வரும்போது நேரமும் வரியும் தவிர மற்றவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். `.srt` மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தவர்கள் பிறகு தலையில் கைவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். சொல் அந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.

என் பரிந்துரை ‘வார்த்தெடுத்தல்’. கருப்பட்டிப் பாகைச் சிரட்டையில் வார்த்தால் சிரட்டையின் வடிவம் வருகிறது. வேறு அச்சில் வார்த்தால் வேறு வடிவம் வருகிறது. பாகு ஒன்றுதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

பெயர் எதுவானாலும் இருக்கட்டும், ஐயா. எங்கள் வீட்டுக் கந்த சஷ்டிக் காணொளிக்கு ஒரு கடையில் வரிக்கோப்பு செய்து வாங்கினோம். ஆங்கிலம் ஒழுங்காக வந்தது. தமிழ் மட்டும் முழுக்கக் கேள்விக்குறியாக வந்தது. என் அம்மாவின் பெயர்கூடப் படிக்க முடியவில்லை. அதை மீட்க வழி உண்டா?

தென்காசியிலிருந்து:

அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். `à®¤` போன்ற எழுத்துகள் தெரிந்தால் கவலையில்லை. உள்ளே தமிழ் முழுதாக இருக்கிறது, படிக்கும் மென்பொருள்தான் அதை வேறு குறியாக்கமாக எடுத்துக்கொள்கிறது. `????` என்றே தெரிந்தால், வெளியே எடுத்தபோதே `UTF-8` அல்லாத குறியாக்கத்தில் எழுதித் தமிழை அழித்துவிட்டார்கள். அதை மீட்க முடியாது, மூலத்திலிருந்து மறுபடியும் எடுக்க வேண்டும். மூலம் கடைக்காரரிடம் இருக்கிறதா என்று உடனே கேளுங்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து:

ரோமன் எழுத்துக் கோப்புக்கு `en` என்று பெயர் வைத்தால் போதும் என்று நினைக்கிறேன், ஆங்கில எழுத்துதானே?

பாளையங்கோட்டையிலிருந்து:

நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். பட்டியலில் ‘ஆங்கிலம்’ இரண்டு தெரிந்ததில், மெல்போர்னில் ஒரு பேரன் ரோமன் வரிகளைத் தேர்ந்துகொண்டு, “இது என்ன ஆங்கிலம்?” என்று ஆச்சியிடம் கேட்டிருக்கிறான். அது மொழியால் தமிழ், எழுத்தால் மட்டும் ரோமன். ஆகவே `pathigam.ta.srt`, `pathigam.ta-Latn.srt`, `pathigam.en.srt` என்று பெயரிட்டுக்கொண்டேன்.

‘வார்த்தெடுத்தல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு தடை உண்டு. தமிழ்க் கோப்பையும் ரோமன் கோப்பையும் ஒரே பாகு என்று சொல்லலாம். நேரம் ஒன்று, வெட்டு ஒன்று. ஆங்கிலக் கோப்பு அப்படி அமையவில்லை. ‘திருநெல்வேலி உறை செல்வர் தாமே’ என்ற முடிவு பாட்டின் கடைசியில்தான் வருகிறது. ஆங்கில வாக்கியமோ யாரைப் பற்றிய பேச்சு என்பதை முதலிலேயே கேட்கிறது. தமிழ் வெட்டுகளுக்குள் ஆங்கிலத்தை அப்படியே நிரப்பினால், மூன்று வரி வரை பிள்ளைகளுக்கு யாரைப் பாடுகிறார்கள் என்றே தெரியாது. அதனால் ஆங்கிலத்தில் இரண்டிரண்டு அடிகளை ஒன்றாகச் சேர்த்து, செல்வரை முன்னே கொண்டுவந்தேன். அது தனியாகக் காய்ச்சிய பாகு அல்லவா?

தென்காசியிலிருந்து:

மொழிபெயர்ப்பு காய்ச்சும் வேலை, எக்ஸ்போர்ட் வார்க்கும் வேலை. இரண்டையும் கலக்காமல் இருந்தால் உவமை நிற்கும். விளக்கப் பகுதியில் வேகத்தைப் பார்த்தீர்களா? பாட்டு மெதுவாகப் போகும், உரை போகாது.

பாளையங்கோட்டையிலிருந்து:

பார்த்தேன். பெரியவர் மூன்று நொடியில் சொன்னதற்கு என் முதல் ஆங்கில வரி 73 எழுத்து. நொடிக்கு 24க்கு மேல் வந்தது. 17 என்று எல்லை வைத்துக்கொண்டு இப்படிச் சுருக்கினேன்:

```
41
00:03:12,400 --> 00:03:15,400
His name is medicine, mantra,
and the path beyond
```

இது 48 எழுத்து, நொடிக்கு 16. தமிழ்க் கோப்பில்தான் வேடிக்கை. அங்கே எல்லா வரியும் வேகம் என்று மென்பொருள் சிவப்பாகக் காட்டியது. ‘திருநெல்வேலி’ நமக்கு ஆறு எழுத்து. ஒவ்வொரு கொம்பையும் புள்ளியையும் தனியே எண்ணுவதால் அதற்குப் பன்னிரண்டு. அந்த எச்சரிக்கையை நம்பித் தமிழ் வரிகளை வெட்டாதீர்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து:

‘வார்ப்புரு’ என்ற சொல்லை டெம்ப்ளேட்டுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே. ‘வார்ப்புருவிலிருந்து வார்த்தெடுக்கவும்’ என்று எழுதினால் புதியவர் குழம்புவார். ‘வேறு வடிவில் எடுக்கவும்’ என்று வினையாகவே எழுதிவிடலாம்.

தூத்துக்குடியிலிருந்து:

அது சொல்லாக இல்லை, சொற்றொடராக இருக்கிறது. பொத்தானில் இடம் போதாது. ஏற்றுமதி என்ற சொல் பல மென்பொருள்களில் ஏற்கெனவே பழகிவிட்டது; அதை மாற்ற முடியுமா என்றும் பாருங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

செய்முறையில் இப்போதைக்கு ‘வார்த்தெடுக்கவும்’ என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும், மென்பொருளில் ‘ஏற்றுமதி’ அல்லது `Export` என்று இருக்கும் என ஒரு வரி சேர்த்துவிட்டேன். படத்தோடு கூட வரும் தனிக் கோப்புக்கு ‘உடன்வரி’ என்றும், படத்தில் பதிந்ததற்குப் ‘பதிவரி’ என்றும் எழுதியிருக்கிறேன். ‘பதிவரி’ ஏதோ கட்டவேண்டிய வரி போல இருக்கிறது என்று அந்தத் தம்பி மறுபடியும் சிரிக்கிறார். அதற்கு வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் செய்முறையை அச்சுக்குக் கொடுக்கிறேன்.