நரஹரி தீர்த்தர் 1213இல் மறைந்தாரா? மடத்துப் பட்டியலும் ஸ்ரீகூர்மம் கல்வெட்டும்

ஆரணியான்:
ஆராதனைக்கு அச்சடித்த பழைய துண்டறிக்கை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. உத்தராதி மடத்துக் குரு பரம்பரை, சக ஆண்டுகளுடன். மத்வாசாரியார் சக 1040 விளம்பியில் பிறந்து 1119 பிங்கள ஆண்டில் பதரி சென்றார். அடுத்து பத்மநாப தீர்த்தர் 1126 வரை, நரஹரி தீர்த்தர் 1135 ஸ்ரீமுக ஆண்டு வரை. அதாவது நரஹரி கி.பி. 1213இல் பிருந்தாவனம் ஆகிவிட்டார். ஆனால் ஆந்திரத்து ஸ்ரீகூர்மத்தில் அவருடைய கல்வெட்டு சக 1203, அதாவது கி.பி. 1281 என்கிறார்கள். எதை நம்புவது?

காட்பாடி கோபி:
கல்வெட்டைத்தான். மடத்துப் பட்டியல்கள் எல்லாம் பிற்காலத்தில் எழுதியவை. சிருங்கேரிப் பட்டியலில் சுரேசுவரர் ஒருவருக்கே எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு பீடாதிபதிக்குச் சராசரி இருபது ஆண்டு என்று வைத்துப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். போதும்.

வேலப்பாடி:
எறிய வேண்டாம் கோபி. சிருங்கேரியின் நோய் வேறு. அங்கே ஆதிசங்கரரின் காலத்தை மிகவும் முன்னே கொண்டுபோனார்கள், மிஞ்சிய நூற்றாண்டுகளை ஒருவர் தலையில் ஏற்றினார்கள். ஆரணியாரின் தாளில் இருக்கும் தவறு அப்படிப்பட்டதல்ல. அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது.

2018 சித்திரையில் பிறந்த ஆண்டு விளம்பி என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அறுபது அறுபதாகப் பின்னால் போனால் 1238 விளம்பி, 1178 விளம்பி, 1118 விளம்பி. சக 1040 என்பது 1118. பிங்களவும் அப்படியே 1197, 1257, 1317 என்று வரும். பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு சுற்று, அதாவது 120 ஆண்டு, கீழே இறக்குங்கள். மத்வர் 1238 முதல் 1317 வரை, பத்மநாபர் 1324 வரை, நரஹரி 1333 வரை என்று வரும். 1333உம் ஸ்ரீமுகதான். 1281இல் நரஹரி உயிரோடு இருப்பதில் சிக்கலே இல்லை.

மடத்தில் திதி தவறாது, ஆண்டுதோறும் ஆராதனை நடப்பதால். ஆண்டின் பெயரும் பெரும்பாலும் தப்பிவிடும். சக எண்ணைப் பின்னால் யாரோ பெயரைப் பார்த்துக் கணக்கிட்டு எழுதியிருப்பார்கள். அந்த இடத்தில்தான் சுற்று நழுவும்.

கலியப்தம்:
கேட்க அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் மத்வர் தாமே மகாபாரத தாத்பர்ய நிர்ணயத்தில் தாம் பிறந்தது கலி 4300 என்று சொல்லியிருக்கிறாரே? அது கி.பி. 1199. அதிலிருந்து அவர் வாழ்ந்த 79 ஆண்டு போனால் 1278. பட்டியல் எழுதிய எவரோ ஒருவரை நம்புவதா, அவருடைய சொந்த வாக்கை நம்புவதா? நரஹரி 1281இல் இருந்தார் என்பதற்கு இதுவும் பொருந்துகிறது.

வேலப்பாடி:
பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் 1199 சித்தார்த்தி ஆண்டு, 1278 வெகுதானிய. விளம்பி, பிங்கள இரண்டையும் நீங்கள் கைவிட வேண்டியிருக்கும். 4300 என்பதை முழு எண்ணாக, அந்த நூற்றாண்டைக் குறிப்பதாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

கலியப்தம்:
தமக்கு இடைஞ்சலான எண் என்றால் உடனே அது முழு எண்ணாகிவிடும்!

வந்தவாசி நயினார்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் மேல்சித்தாமூர் சமண மடத்தில் பட்டத்துக்கு வருபவர் எல்லோரும் இலக்ஷ்மிசேனர்தான். கோலாப்பூரிலும் அதே பட்டம். தானக் குறிப்பில் இலக்ஷ்மிசேனர் என்று மட்டும் இருந்தால் எந்த இலக்ஷ்மிசேனர் என்று எப்படிச் சொல்வது? உங்களுக்குப் பெயராவது வேறுவேறாக இருக்கிறது.

வேலப்பாடி:
பட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது ஐயா. கொடுத்தவர் யார், அவர் எந்த அரசரின் காலம், தானம் எந்த ஊரில், குருவின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக எண்ணும் ஆண்டுப் பெயரும் சேர்ந்து இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆரணிக்குப் பக்கத்தில் அடையபலம் கல்வெட்டு, அப்பைய தீட்சிதரையும் வேலூர் சின்ன பொம்ம நாயக்கரையும் சொல்வது, சக 1504. அது 1582, சித்திரபானு. எண் இருப்பதால் அறுபதுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அதை நகர்த்த முடியாது.

காட்பாடி கோபி:
120 ஆண்டை மேலே சேர்த்தால் கீழே உள்ளவர்கள் எல்லோரும் 120 ஆண்டு தள்ளிப்போக வேண்டுமே? இன்றைய பீடாதிபதி இன்னும் பிறந்திருக்கவே மாட்டார்.

வேலப்பாடி:
நல்ல கேள்வி. ஆரணியாரே, உங்கள் தாளில் எங்கேயாவது ஒருவருக்கு அறுபதுக்கு மேல் ஆண்டு வருகிறதா?

ஆரணியான்:
வருகிறது. ஜயதீர்த்தர் சக 1190 வரை, அடுத்த வித்யாதிராஜர் 1254 வரை. 64 ஆண்டு. வெகுகீழே வேதநிதி 1497 வரை, சத்யவிரதர் 1560 வரை. 63 ஆண்டு.

வேலப்பாடி:
அவைதாம் அந்த இரண்டு சுற்றுகள். ஜயதீர்த்தரை 120 இறக்கினால் கி.பி. 1388. வித்யாதிராஜரை அறுபது மட்டும் இறக்கினால் 1392. அவர் பீடத்தில் இருந்தது 64 ஆண்டல்ல, நான்கு. அங்கிருந்து வேதநிதி வரை அறுபது ஆண்டு மட்டுமே நழுவியிருக்கிறது. வேதநிதி 1635. சத்யவிரதரின் சக 1560 என்பது 1638, திருத்தமே வேண்டாம். 63 மூன்றாகிறது. அவருக்குக் கீழே பட்டியல் நேராகிவிடுகிறது.

கலியப்தம்:
அதே தாளில் ரகுநாத தீர்த்தர் 1306 முதல் 1364 வரை, 58 ஆண்டு. அவரை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? பால சந்நியாசம் பெற்றவர் அறுபது ஆண்டு பீடத்தில் இருக்க மாட்டாரா?

வேலப்பாடி:
இருப்பார். நீளத்தை வைத்து மட்டும் யாரையும் சந்தேகிக்க முடியாது. ரகுநாதரிடமிருந்து அறுபதை எடுத்தால் மிஞ்சுவது கழித்தல் இரண்டு, எனவே அவர் தப்பித்தார். மேலே 120 ஆண்டு குறைகிறது என்பதை ஸ்ரீகூர்மம் கல்வெட்டும் ஆண்டுப் பெயர்களும் சொல்கின்றன. எங்கே குறைகிறது என்பதைத்தான் 64உம் 63உம் காட்டுகின்றன.

கோபியின் சராசரி இங்கே உதவாது. பத்மநாபர் முதல் சத்யவிரதர் வரை பதினேழு பேர். தாளின்படி 441 ஆண்டு, தலைக்கு 26. திருத்திய பின் 321, தலைக்கு 19. இரண்டுமே நம்பும்படி இருக்கின்றன.

காட்பாடி கோபி:
சரி. கல்வெட்டின்படி நரஹரி 1281இலேயே பீடாதிபதி. உங்கள் கணக்கில் 1324இல்தானே பீடம் ஏறுகிறார்?

வேலப்பாடி:
அவர் பீடாதிபதி என்று எடுத்துக்கொண்டது நீங்கள். கல்வெட்டு சொல்வது, கலிங்கத்தில் செல்வாக்கோடு இருந்து யோகானந்த நரசிம்மருக்குக் கோயில் எடுத்தார் என்பது. தானக் கல்வெட்டு ஒருவர் அன்று இருந்தார் என்று சொல்லும். அவர் எப்போது பட்டம் ஏறினார் என்பதைப் பட்டியல்தான் சொல்லும். இரண்டையும் ஒன்றாக்கினால் வீண் சண்டைதான் மிஞ்சும்.

கலியப்தம்:
1281இலேயே கோயில் எடுக்கும் வயதுள்ளவர் 1333 வரை இருந்தார் என்றால் தொண்ணூறைத் தொட்டிருப்பார். என் கணக்கில் அந்த நெருக்கடியே இல்லை.

வேலப்பாடி:
முப்பது வயதில் கட்டினார் என்றால் எண்பத்திரண்டு. நெருக்கடி உண்டு, முடியாதது இல்லை.

ஆரணியான்:
அடுத்த ஆராதனைத் தாளில் சக எண்களை விட்டுவிட்டு ஆண்டுப் பெயர்களை மட்டும் போடச் சொல்லப் போகிறேன்.

கலியப்தம்:
அப்படியென்றால் முதல் வரியில் கலி 4300 என்றும் போடச் சொல்லுங்கள். படிப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.