காப்பீட்டுத் தேதி சரியாக இருந்தது, பெயர் மட்டும் என்னுடையதாக இல்லை

தஞ்சாவூர் உறுப்பினர்:
சென்ற ஆண்டு பழைய கார் ஒன்றை வாங்கி, ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றினேன். mParivahan செயலியில் பார்த்தபோது காப்பீடு பிப்ரவரி வரை செல்லும் என்று காட்டியதால், அதற்குமேல் எதையும் விசாரிக்கவில்லை. ஐந்தாம் மாதம் வாசல் தூணில் இடித்து, முன் பம்பரும் ஒரு விளக்கும் உடைந்தன. பணிமனைக்கு வந்த சர்வேயர் ஆர்.சி.யையும் காப்பீட்டுச் சான்றிதழையும் அருகருகே வைத்து, ஒன்றில் என் பெயரும் மற்றொன்றில் விற்றவர் பெயரும் இருப்பதை விரல் வைத்துக் காட்டினார். இழப்பீடு மறுக்கப்பட்டது. செலவு முழுவதையும் நானே ஏற்றேன்.

கோவை உறுப்பினர்:
மறுத்தது தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி, வண்டி கைமாறும்போதே காப்பீடும் வாங்கியவருக்கு மாறிவிடுகிறது. நீங்கள் வழக்குத் தொடரலாம்.

காப்பீட்டுத் துறையில் ஓய்வு பெற்றவர்:
கோவை நண்பர் சொல்வது பாதி சரி. தானாக மாறுவது மூன்றாம் நபருக்கான பொறுப்பு மட்டுமே என்பதை உச்ச நீதிமன்றம் 1995இலேயே தெளிவாக்கியது. நம் வண்டிக்கு நேரும் சேதத்திற்குக் காப்பீடு வேண்டுமானால், கைமாறிய 14 நாள்களுக்குள் நிறுவனத்திற்கு விண்ணப்பித்துப் பெயர் மாற்ற எண்டார்ஸ்மென்ட் பெற வேண்டும். செயலி தேதியைச் சொல்கிறதே தவிர, அந்த எண்டார்ஸ்மென்ட் நடந்ததா என்பதைச் சொல்வதில்லை.

மாற்றும்போது பணம் கேட்டால் திகைக்க வேண்டாம். இழப்பீடு கோராததற்கான என்.சி.பி. தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாயாக இருந்து, விற்றவர் 50 சதவீதத் தள்ளுபடியில் 4,000 ரூபாய் மட்டும் கட்டியிருந்தார் என்று வையுங்கள். ஆறு மாதம் மீதமிருந்தால், அந்தக் காலத்துக்கான தள்ளுபடியான 2,000 ரூபாயை நீங்கள் செலுத்த வேண்டும்.

சேலம் உறுப்பினர்:
என் பைக்குக்கு ஜூனில் இழப்பீடு வாங்கினேன். அதனால் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா?

காப்பீட்டுத் துறையில் ஓய்வு பெற்றவர்:
இல்லை. பழுது பார்த்ததற்கான இழப்பீட்டால் காப்பீடு முடிந்துவிடாது. முழுச் சேதமாகக் கணக்கிட்டுத் தொகை கொடுத்திருந்தால்தான் பாலிசி ரத்தாகும். நீங்கள் கவனிக்க வேண்டியது புதுப்பிக்கும் நேரம். இழப்பீடு வாங்கியதை மறைத்து என்.சி.பி. பெற்றால், அடுத்த இழப்பீட்டில் அது சிக்கலாகும்.

தஞ்சாவூர் உறுப்பினர்:
இப்போது பெயர் மாற்றிவிட்டேன். அன்று மறுக்கப்பட்டதை நுகர்வோர் ஆணையத்தில் ஒரு பகுதியாவது பெற்றவர்கள் இங்கே இருந்தால், எந்த அடிப்படையில் கிடைத்தது என்று எழுதுங்கள்.