சினாப்சிஸில் 7 நோக்கங்கள், 3 கேள்விகள்: எதை வெட்டுவது?

மழைக்குருவி

வணக்கம். எம்.எஸ்சி. நர்சிங், சமுதாய சுகாதாரப் பிரிவு. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவது பற்றிய ஆய்வு. கமிட்டியிலிருந்து சினாப்சிஸ் திரும்பி வந்துவிட்டது, ஓரத்தில் "நோக்கங்கள் அதிகம், அளக்க முடியாதவை, கேள்விகளோடு ஒட்டவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். எதை எப்படி மாற்றுவது என்று ஒரு வரி கூட இல்லை.

என் கேள்விகள்: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு பேர்? சாப்பிடாததற்கு என்ன காரணம்? சாப்பிடாததால் ரத்தசோகை வருகிறதா?

நோக்கங்கள்:
1. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்தல்
2. கர்ப்பிணிகளின் விழிப்புணர்வை ஆராய்தல்
3. மாத்திரை உட்கொள்ளும் நடைமுறையைப் புரிந்துகொள்ளுதல்
4. உட்கொள்ளாமைக்கான காரணிகளை ஆராய்தல்
5. ஹீமோகுளோபின் அளவில் மாத்திரையின் தாக்கத்தைக் கண்டறிதல்
6. வயது, கல்வி, வருமானத்தோடு உள்ள தொடர்பை அறிதல்
7. விழிப்புணர்வை மேம்படுத்திப் பரிந்துரைகள் வழங்குதல்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் ஒரே ஒரு முறை கேள்வித்தாள், அவ்வளவுதான் திட்டம். ஹீமோகுளோபின் மதிப்பை அவர்களின் அட்டையிலிருந்து எடுப்பேன்.

களப்பணி

ரொம்ப சுலபம் மேடம். ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணும் ஒரு கெடுவும் போடுங்கள். "6 மாதத்தில் மாத்திரை உட்கொள்வோரை 20 சதவீதம் உயர்த்துதல்" என்று இருந்தால் யாரும் அளக்க முடியாது என்று சொல்ல மாட்டார்கள். நாங்கள் தொண்டு நிறுவனத்தில் நிதி கேட்டு எழுதும்போது இப்படித்தான்.

பழைய பேனா

களப்பணி சார், எண் வேண்டும் என்பது சரி, ஆனால் நீங்கள் சொல்வது திட்டத்துக்கான இலக்கு. இவர் யாருக்கும் மாத்திரை கொடுக்கப் போவதில்லை, ஒரு முறை போய்க் கேட்கப் போகிறார், அப்புறம் எதை 20 சதவீதம் உயர்த்துவது? இங்கே அளக்கக்கூடியது என்றால், முடிவில் எந்த எண் கையில் வரும், அது யாரிடமிருந்து, எந்தக் கால அளவுக்கு என்று நோக்கத்தின் வாக்கியத்திலேயே தெரிய வேண்டும்.

மழைக்குருவி, நான் செய்யச் சொல்வது இதுதான்: ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஆய்வு முடிந்தபின் வரப்போகும் அட்டவணையை இப்போதே வெறுமையாக வரையுங்கள். வரிசைத் தலைப்பு, பத்தித் தலைப்பு மட்டும் போதும். எதற்கு வரைய முடியவில்லையோ அது நோக்கமே இல்லை. முதலாவது அங்கேயே போய்விடும், நூல் தேடல் நீங்கள் செய்யும் வேலை. ஏழாவது முடிவுரையில் எழுத வேண்டியது. இரண்டாவதுக்கு அட்டவணை வரைய முடியும், ஆனால் உங்கள் மூன்று கேள்விகளில் எதுவும் விழிப்புணர்வைக் கேட்கவில்லையே. ஆறாவது தனி நோக்கம் ஆகாது, வயதும் கல்வியும் நாலாவதின் அட்டவணையில் சில வரிசைகள்.

உண்மையான சிக்கல் ஐந்தாவது. "தாக்கம்" என்று ஒரே முறை கேட்கும் ஆய்வில் எழுதவே முடியாது. அதைத் "தொடர்பு" என்று மாற்றினாலும் உங்கள் இடத்தில் அது தலைகீழாக வரலாம். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று குறித்து, நாளைக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு மாத்திரை கொடுத்து, நர்சும் ஒவ்வொரு முறையும் "சாப்பிட்டாயாம்மா" என்று கேட்பார். அதனால் அளவு குறைந்தவர்களே அதிகம் சாப்பிடுகிறவர்களாக இருக்கலாம், உங்கள் அட்டவணையைப் பார்த்தால் மாத்திரைதான் ரத்தசோகையைக் கொண்டுவந்தது போலத் தெரியும்! போதாக்குறைக்கு அட்டையில் உள்ள மதிப்பு ஒருவருக்கு மூன்றாம் மாதத்தது, இன்னொருவருக்கு ஏழாம் மாதத்தது. கர்ப்பத்தின் நடுவில் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவதால் அளவு இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். என் கருத்து, மூன்றாவது கேள்வியையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். கேள்வி இருந்து நோக்கம் இல்லையென்றால் அதுவும் ஒட்டாததுதான்.

ஊர்க்கதை

நான் சமூகவியல். கைத்தறி நெசவாளர் வீட்டுப் பெண்களிடம் நேர்காணல், மொத்தம் 20 பேர் கூட வராது. எனக்கும் "அளக்கக்கூடியதாக எழுது" என்கிறார்கள். நானும் சதவீதம் போடணுமா?

பழைய பேனா

வேண்டாம், 20 பேரில் சதவீதம் எடுத்து ஒன்றும் ஆகாது. யாரிடம், எந்த அனுபவத்தை, எதுவரை கேட்கப் போகிறீர்கள் என்று எல்லை தெரிந்தால் போதும். தனி இழை போடுங்கள், இங்கே பேசினால் இரண்டும் குழம்பும்.

மழைக்குருவி

ரொம்ப நன்றி சார். அட்டவணை வரைந்து பார்த்தேன், "நடைமுறையைப் புரிந்துகொள்ளுதல்" என்பதற்குக் கை ஓடவே இல்லை. இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

1. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும், 5 மாதம் முடிந்த கர்ப்பிணிகளில், கடந்த 7 நாட்களில் 6 நாட்களாவது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டவர்களின் சதவீதத்தைக் கண்டறிதல்.
2. மாத்திரையால் குமட்டல் அல்லது மலச்சிக்கல் உள்ளவர்கள், மாத்திரை கையிருப்பு இல்லாதவர்கள் ஆகியோருக்கும் மற்றவர்களுக்கும் இடையே அந்தச் சதவீதம் எவ்வளவு வேறுபடுகிறது என்று ஒப்பிடுதல்.

இரண்டாவது கேள்வியையும் "எந்தக் காரணிகளோடு தொடர்புடையது" என்று மாற்றிவிட்டேன். மாதிரி அளவு 384, சூத்திரத்தில் வந்தது.

பழைய பேனா

முதலாவது நன்றாக வந்திருக்கிறது. 7 நாள் என்றால் ஞாபகத்தில் இருக்கும், ஒரு மாதம் என்றால் எல்லாரும் "தினமும்" என்றுதான் சொல்வார்கள்.

இரண்டாவதில் கையிருப்பு இல்லாதவர்களை எடுத்துவிடுங்கள். மாத்திரையே கையில் இல்லாதவர் சாப்பிட்டிருக்க மாட்டார், இதை ஒப்பிட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்? அவர்களை முதல் அட்டவணையில் தனி வரிசையாகக் காட்டுங்கள், அது சப்ளையின் குறை, அந்தப் பெண்ணின் தவறாகக் கணக்கில் ஏறக் கூடாது.

384 என்பது முதல் நோக்கத்துக்கு மட்டும், 50 சதவீதம் என்று வைத்து 5 சதவீதப் பிழை விட்டால் வரும் எண். ஒப்பிடுவதற்கு அது போதுமா என்பது வேறு கணக்கு. பேச்சுக்கு நாலில் ஒருவருக்குக் குமட்டலோ மலச்சிக்கலோ இருந்தால் ஒரு பக்கம் 96 பேர், மறுபக்கம் 288. இரு குழுவுக்கும் சுமார் 17 சதவீதப் புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் 80 சதவீத வாய்ப்போடு கண்ணில் படும். 10 புள்ளி வித்தியாசம் உங்களுக்கு முக்கியம் என்றால் ஆட்கள் போதாது. ஒவ்வொரு நோக்கமும் இப்படி ஆட்களைக் கேட்கும், கமிட்டி குறைக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

களப்பணி

வாயால் சொல்வதை நம்புவதை விட மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் காலிக் குழிகளை எண்ணலாமே? நாங்கள் அப்படிச் செய்திருக்கிறோம்.

பழைய பேனா

எண்ணலாம், நல்ல யோசனைதான். ஆனால் குழி காலி என்றால் சாப்பிட்டார் என்று ஆகாது, மாமியாருக்குக் கொடுத்திருக்கலாம், குப்பையில் போட்டிருக்கலாம். எப்போது கொடுத்த அட்டை என்ற தேதியும் வேண்டும். இரண்டையும் எடுத்தால் எது முதன்மை என்று இப்போதே எழுதிவிடுங்கள், பிறகு அழகாக வந்ததைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

மழைக்குருவி

7 நாள் கேள்வியை முதன்மையாக வைத்துக்கொள்கிறேன், கையிருப்பை மாற்றிவிட்டேன். கைடு மேடத்திடம் காட்டினேன், "இரண்டே நோக்கமா, எங்கள் துறையில் குறைந்தது நாலு இருக்கும், விழிப்புணர்வு இல்லாமல் நர்சிங் ஆய்வா" என்கிறார். விழிப்புணர்வை மூன்றாவதாகச் சேர்த்தால் அதற்கு ஒரு கேள்வியும் சேர்க்க வேண்டுமா, அல்லது இரண்டாவதில் ஒரு காரணியாக வைத்து மேடத்தைச் சமாளிக்கலாமா? வெள்ளிக்கிழமை மறுபடி கமிட்டி.

பழைய பேனா

காரணியாக வையுங்கள், மதிப்பெண் எதற்கு மேல் போனால் "தெரிந்தவர்" என்பதை முன்பே குறித்துவிட்டால் அது அட்டவணையில் உட்காரும். மேடம் ஒத்துக்கொள்வாரா என்று என்னால் சொல்ல முடியாது, சில துறைகளில் நோக்கங்களின் எண்ணிக்கை வடிவத் தாளிலேயே எழுதியிருக்கும். முதலில் அந்தத் தாளைப் பாருங்கள்.