லாபம் இருக்கிறது, கல்லாவில் காசு இல்லை – கடைக்காரர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். பினாங்கு, பிறையில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் 24,000 வெள்ளிக்கு வியாபாரம். விற்ற சரக்கின் அடக்கவிலை 19,500. வாடகை, மின்சாரம் எல்லாம் 2,700. லாபம் 1,800. ஆனால் கையிருப்போ 2,300 வெள்ளி குறைந்திருக்கிறது!

இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தபிறகுதான் பிடிபட்டது. கடன் எழுதும் 555 புத்தகத்தில் இன்னும் வசூலாகாத பாக்கி 1,600 கூடியிருக்கிறது. தீபாவளிக்கென்று ரொக்கம் கொடுத்துக் கூடுதலாக வாங்கிய எண்ணெயும் மாவும் 2,500 வெள்ளிக்கு அப்படியே அலமாரியில் கிடக்கின்றன. லாபக் கணக்கில் இவை இரண்டும் தெரியவே இல்லை.

கடன் வாங்கியவர்கள் பக்கத்து வீட்டு அக்காமார்கள். சம்பளம் வந்ததும் தந்துவிடுவார்கள், நெருக்க மனமில்லை. மொத்த வியாபாரியிடம் 14 நாள் தவணை கேட்கலாமா? கேட்டு வாங்கியவர்கள் எப்படிப் பேசினீர்கள்? திங்கட்கிழமை சரக்கு லாரி வருகிறது.