பாங்குக்குப் பதில், அப்புறம் ஓதும் துஆ: ஒரு சந்தேகம்

அஸ்ஸலாமு அலைக்கும். மகனுக்குப் பாங்குக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன். மோதினார் சொல்வதையே ஒவ்வொரு வாசகமாகத் திருப்பிச் சொல்லணும், 'ஹய்ய அலஸ் ஸலாஹ்', 'ஹய்ய அலல் ஃபலாஹ்' இரண்டுக்கும் மட்டும் 'லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்', அதுவரை சரி. சுபுஹு பாங்கில்தான் மாட்டிக்கொண்டேன். 'அஸ்ஸலாத்து கைரும் மினன் நவ்ம்' வந்ததும் நான் சின்ன வயதில் ஓதியபடி 'ஸதக்த்த வபரர்த்த' என்றேன், அவன் உஸ்தாத் மோதினார் சொன்ன வாசகத்தையே திருப்பிச் சொல்லச் சொன்னாராம்.

பாங்கு முடிந்ததும் ஸலவாத், பிறகு 'அல்லாஹும்ம ரப்ப ஹாதிஹித் தஃவத்தித் தாம்மா' துஆ. நபிக்கு வஸீலாவைக் கேட்கிறோம், அது சொர்க்கத்தில் ஒரே ஒரு அடியாருக்கான உயர்ந்த இடம் என்றதும் பையன் "அப்போ நாமும் கேட்டால்தான் கிடைக்குமா?" என்கிறான்! கேட்பவருக்கு நபியின் ஷஃபாஅத் உண்டு, பலன் நமக்குத்தான் என்று சமாளித்தேன்.

இந்த துஆ புகாரியில் 'வஅத்தஹ்' என்பதோடு முடிகிறது, எங்கள் வீட்டில் 'இன்னக்க லா துக்லிஃபுல் மீஆத்' சேர்த்து ஓதுவோம். ஷாஃபி, ஹனஃபி இரண்டும் ஓதியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சுபுஹு பதிலும் இந்தச் சேர்க்கையும் உங்கள் மத்ரஸாவில் எப்படி?